ஜாக்கோபியனா, சி.டி.எஃப்-ஆ, எம்.ஜி.எஃப்-ஆ? உருமாற்றிய மாறியின் அடர்த்தியை எந்த வழியில் காண்பது

X என்ற தொடர் சமவாய்ப்பு மாறியின் அடர்த்தி தெரியும். Y = g(X) என்று ஒரு புதிய மாறி. Y-இன் அடர்த்தி என்ன? இளங்கலைப் புள்ளியியலில் தொடங்கி ஜாம், ஐ.எஸ்.எஸ் தேர்வுகள் வரை விடாமல் துரத்தும் கேள்வி இது. பாடப்புத்தகம் இதற்கு மூன்று வழிகளைத் தருகிறது: ஜாக்கோபியனைப் பெருக்கும் மாறி மாற்றம், சி.டி.எஃப், எம்.ஜி.எஃப். ஒவ்வொன்றின் கீழும் அந்த வழிக்கென்றே பொறுக்கியெடுத்த கணக்குகள் இருப்பதால், அத்தியாயத்தோடு போகும்வரை சிக்கல் தெரியாது. தேர்வுத்தாளில் கணக்கு மட்டும் தனியாக வந்து நிற்கும்போதுதான் எதை எடுப்பது என்று கை தடுமாறும். வாசகர்கள் அனுப்பும் கேள்விகளிலும் அதிகம் வருவது, "ஜாக்கோபியன் சரியாகத்தான் போட்டேன், ஆனால் மொத்த நிகழ்தகவு ஒன்று வரவில்லை" என்பதுதான்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே மாறி, g ஏறி இறங்கி வளைகிறது என்றால் நான் சி.டி.எஃப் பக்கம். g ஒரே திசையில் போகிறது என்றாலோ, இரண்டு மூன்று மாறிகளின் கூட்டு அடர்த்தி வேண்டும் என்றாலோ மாறி மாற்ற வழி. எம்.ஜி.எஃப்-ஐக் கூட்டல் கணக்கு தவிர வேறெதற்கும் நான் தொடுவதில்லை. ஏன் என்பதைக் கணக்குகளோடு பார்க்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, X மதிப்பெடுக்கும் இடைவெளிக்குள் g ஒன்றுக்கொன்றான சார்பா? "x² ஒன்றுக்கொன்று அல்ல" என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடாது. X எப்போதும் நேர்மதிப்பு என்றால் x²-உம் ஒன்றுக்கொன்றுதான். g-ஐ மட்டும் பார்க்காமல், X உலவும் இடத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, உள்ளே எத்தனை மாறிகள், வெளியே எத்தனை? X/Y போன்ற கணக்கில் இரண்டு உள்ளே போய் ஒன்று வெளியே வருகிறது. அந்த இடைவெளியை யார் நிரப்புவது என்பது வழிக்கு வழி மாறும்.

மூன்றாவது, உண்மையில் என்ன கேட்கிறார்கள்? அடர்த்தியா, ஒரே ஒரு நிகழ்தகவா, சராசரி மட்டுமா, பரவலின் பெயரா? சராசரி மட்டும் வேண்டும் என்றால் அடர்த்தியைத் தேடுவதே வீண் வேலை.

நான்காவது, பிழை எங்கே நுழையும், நுழைந்தால் கண்ணில் படுமா? என்னைக் கேட்டால் மற்ற மூன்றையும்விட இதுதான் முக்கியம். மூன்று வழிகளும் சரியாகச் செய்தால் ஒரே விடையைத்தான் தரும். தவறும்போது அவை தவறுகிற இடம்தான் வேறு.

## மாறி மாற்ற வழி

g திட்டமாக ஏறும் அல்லது திட்டமாக இறங்கும் சார்பு, அதன் நேர்மாறு h, அந்த h வகையிடத்தக்கது என்றால்:

f_Y(y) = f_X(h(y)) · |h′(y)|

ஒரு கணக்கு. 120 கி.மீ. தூரத்தை ஒரு வண்டி சீரான வேகத்தில் கடக்கிறது. அந்த வேகம் V, மணிக்கு 40 முதல் 60 கி.மீ. வரை சீரான பரவலில் இருக்கிறது. ஆக f_V(v) = 1/20. பயண நேரம் T = 120/V. வேகம் கூடினால் நேரம் குறையும், ஆகவே இது இறங்கும் சார்பு. நேர்மாறு v = 120/t. அதன் வகைக்கெழு −120/t², மட்டு எடுத்தால் 120/t². பெருக்கினால்:

f_T(t) = (1/20) · (120/t²) = 6/t²,  2 < t < 3

தொகையிட்டுப் பாருங்கள்: 6(1/2 − 1/3) = 1. இரண்டே வரியில் வேலை முடிந்தது. இந்த வேகத்துக்காகத்தான் எல்லோரும் இந்த வழியை விரும்புகிறார்கள்.

ஜாக்கோபியன் என்ற அந்த |h′| எதற்கு? வேகம் 50-இலிருந்து 60 வரை இருக்க நிகழ்தகவு பாதி. அதற்குரிய நேரம் 2 மணியிலிருந்து 2.4 மணி வரை, அதாவது 24 நிமிடம். மீதிப் பாதி, வேகம் 40-இலிருந்து 50 வரை. அதற்குரிய நேரமோ 2.4 முதல் 3 மணி வரை, 36 நிமிடம். ஒரே அளவு நிகழ்தகவு ஒருபக்கம் 24 நிமிடத்தில் அடங்குகிறது, மறுபக்கம் 36 நிமிடத்துக்குப் பரவுகிறது. ஒரு கரண்டி மாவை அகலமாகத் தேய்த்தால் தோசை மெல்லிசாவதுபோல, பரப்பு கூடிய இடத்தில் அடர்த்தி குறைந்தாகவேண்டும். எங்கே எவ்வளவு அகலமாகிறது என்பதைத்தான் |h′| அளக்கிறது. t = 2-இல் அடர்த்தி 1.5, t = 3-இல் 0.67 என்று இறங்குவது இதனால்தான்.

பெருக்க மறந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அலகைப் பாருங்கள். அடர்த்திக்கு அலகு உண்டு. f_V-இன் அலகு "ஒரு கி.மீ./மணிக்கு". f_T-இன் அலகு "ஒரு மணிக்கு". 1/20 என்ற எண்ணை அப்படியே தூக்கி T-க்குப் போட்டால் அலகு இடிக்கும். 120/t² உள்ளே வரும்போதுதான் அது சரியாகிறது. மாறிகளுக்கு இயற்பியல் அலகு இருக்கும் எந்தக் கணக்கிலும் இந்தச் சோதனை சில நொடிதான் எடுக்கும்.

இங்கேயே இன்னொன்றையும் கவனிக்கலாம். வேகத்தின் இடைநிலை 50, நேரத்தின் இடைநிலை 2.4. 120/50 செய்தால் அதுவே வருகிறது. சராசரி அப்படி வராது: வேகத்தின் சராசரி 50 என்றாலும் நேரத்தின் சராசரி 6 ln 1.5, அதாவது சுமார் 2.433 மணி. முகடும் அப்படி இடம் மாற்றிக் கொண்டுபோகக்கூடியது அல்ல. இதற்கு வானத்திலேயே சாட்சி இருக்கிறது. சூரியனின் பயனுறு வெப்பநிலை சுமார் 5772 கெல்வின். அந்த வெப்பநிலைக்கான பிளாங்க் வளைவை அலைநீளத்தின் அடர்த்தியாக வரைந்தால் உச்சி 502 நானோமீட்டரை ஒட்டி விழும். அது பச்சை ஒளி. அதே கதிர்வீச்சை அதிர்வெண்ணின் அடர்த்தியாக வரைந்தால் உச்சி 339 டெராஹெர்ட்ஸை ஒட்டி விழும். அதை அலைநீளமாக மாற்றினால் சுமார் 883 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. சூரியன் மாறவில்லை. λ = c/ν என்று மாற்றும்போது c/ν² என்ற ஜாக்கோபியன் உள்ளே புகுந்து உச்சியை நகர்த்திவிட்டது. "அடர்த்தியின் உச்சி எங்கே" என்ற கேள்விக்கு, எந்த மாறியில் என்று சேர்த்துச் சொல்லாமல் பதிலே இல்லை.

### கிளைகள் என்ற மறைமுகச் செலவு

இந்த வழியின் உண்மையான செலவு வகையிடுவதில் இல்லை. g ஒன்றுக்கொன்றாக இல்லாதபோது கிளைகளை எண்ணுவதில் இருக்கிறது. அப்போது சூத்திரம் கூட்டலாக மாறும்: ஒவ்வொரு y-க்கும் எத்தனை x இருக்கிறதோ அத்தனை உறுப்புகள்.

X, (−1, 2) இடைவெளியில் சீரான பரவல். Y = X². இது தேர்வாளர்களுக்கு மிகவும் பிடித்த பொறி. f_X = 1/3. நேர்மாறுகள் இரண்டு: +√y, −√y. இரண்டுக்கும் |h′| = 1/(2√y). பலர் இங்கே இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்.

ஒரே கிளையை எடுத்து 1/(6√y) என்று 0 முதல் 4 வரை எழுதுபவர்களுக்கு மொத்தம் 2/3 வருகிறது. இரண்டு கிளையையும் எங்கும் கூட்டி 1/(3√y) என்று 0 முதல் 4 வரை எழுதுபவர்களுக்கு மொத்தம் 4/3 வருகிறது. இரண்டும் தவறு. காரணம் ஒன்றுதான். y ஒன்றைத் தாண்டியதும் −√y என்பது −1-க்குக் கீழே போய்விடுகிறது. அங்கே X கிடையாது. ஆகவே ஒன்றுவரை இரண்டு கிளை, அதற்குமேல் ஒரே கிளை:

f_Y(y) = 1/(3√y),  0 < y < 1
f_Y(y) = 1/(6√y),  1 < y < 4

முதல் துண்டின் பரப்பு 2/3, இரண்டாவதன் பரப்பு 1/3. மொத்தம் 1. y = 1-இல் அடர்த்தி சட்டென்று பாதியாகக் குறைகிறது. அந்தத் துள்ளலைப் பார்த்துப் பயந்து விடையைத் திருத்துகிறவர்களும் உண்டு. வேண்டாம். அடர்த்தி தொடர்ச்சியாக இருந்தாகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சூத்திரத்தில் தவறே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது X எங்கே இருக்கிறது என்று தானாகக் கேட்டுக்கொள்வதில்லை, அவ்வளவுதான். f_X(−√y) என்று எழுதும்போது அந்தப் புள்ளியில் f_X பூச்சியமா என்று பார்க்கும் பொறுப்பு முழுக்க நம்முடையது.

## சி.டி.எஃப் வழி

இங்கே குவிவு பரவல் சார்பிலிருந்து தொடங்குகிறோம். P(Y ≤ y) என்பதை X-ஐப் பற்றிய நிகழ்வாகத் திருப்பி எழுதி, நிகழ்தகவு கண்டு, கடைசியில் y-ஐப் பொறுத்து வகையிடுகிறோம்.

அதே கணக்கை இதில் போடுவோம். X² ≤ y என்றால் X, −√y-க்கும் √y-க்கும் இடையில் இருக்கிறது. y < 1 என்றால் அந்த இடைவெளி முழுவதும் (−1, 2)-க்குள் அடங்குகிறது; நீளம் 2√y, ஆகவே F_Y = 2√y/3. 1 ≤ y < 4 என்றால் இடப்பக்கம் −1-இல் நின்றுவிடுகிறது; நீளம் √y + 1, ஆகவே F_Y = (√y + 1)/3. வகையிட்டால் மேலே கண்ட இரண்டு துண்டுகளும் அப்படியே வருகின்றன.

விடை ஒன்றுதான், ஆனால் வந்த விதம் வேறு. இங்கே ஒரு கோட்டில் −1, 2 என்று குறித்து, அதன்மேல் −√y முதல் √y வரை வரைகிறோம். இடப்பக்கம் எல்லைக்கு வெளியே போவது கண்முன்னே நடக்கிறது. கிளையை மறக்க வழியே இல்லை, ஏனென்றால் கிளை என்ற ஒன்றை நாம் எண்ணவே இல்லை. கூடவே ஒரு இலவசச் சோதனையும் கிடைக்கிறது. y = 1-இல் இரண்டு துண்டுகளும் 2/3 என்று ஒட்டுகின்றன, y = 4-இல் F ஒன்றைத் தொடுகிறது. ஒட்டவில்லை என்றால் எங்கோ தவறு, அதையும் வகையிடும் முன்பே பிடித்துவிடலாம்.

"இயல்நிலைப் பரவலின் F-ஐ மூடிய வடிவில் எழுதவே முடியாதே, அங்கே இந்த வழி எப்படி?" என்று கேட்கிறவர்கள் உண்டு. எழுதத் தேவையில்லை. X திட்ட இயல்நிலை, Y = X² என்றால் F_Y(y) = Φ(√y) − Φ(−√y). Φ-ஐ Φ என்றே வைத்துக்கொண்டு சங்கிலி விதிப்படி வகையிட்டால் Φ′ என்பது நமக்குத் தெரிந்த அடர்த்திதான். விடை e^(−y/2)/√(2πy), y > 0. இது ஒரு கட்டற்ற படி கொண்ட கை-வர்க்கப் பரவல். தொகையீட்டுக் குறியை ஒருமுறைகூட எழுதவில்லை.

இந்த வழியின் செலவு சமனிலிகளில் இருக்கிறது. இறங்கும் சார்பில் குறி திரும்பும். T ≤ t என்பது V ≥ 120/t ஆகிறது; ஆகவே F_T = 1 − F_V(120/t) = 3 − 6/t. குறியைத் திருப்ப மறந்தால் F இறங்கும் சார்பாக வரும், வகையிட்டால் அடர்த்தி எதிர்மறையாக வரும். பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது என்ற வகையில் இது நல்ல பிழைதான்.

### அடர்த்தியே இல்லாத இடம்

சி.டி.எஃப்-ஐ விட்டால் வேறு வழியில்லாத ஒரு வகைக் கணக்கு இருக்கிறது. வண்டிக் காப்பீட்டில் சேதம் X, சராசரி 10,000 ரூபாய் கொண்ட அடுக்குக்குறிப் பரவல் என்று வைப்போம். முதல் 5,000 ரூபாயை வண்டிக்காரரே ஏற்கவேண்டும். நிறுவனம் தருவது Y = max(X − 5000, 0).

மாறி மாற்றச் சூத்திரத்தை இயந்திரம்போலப் போட்டால் (1/10000) e^(−(y+5000)/10000), y > 0 என்று ஒரு அழகான விடை வரும். தொகையிட்டால் e^(−0.5), சுமார் 0.607. மீதி 0.393 எங்கே? சேதம் 5,000-க்குள் இருக்கும்போதெல்லாம் Y பூச்சியம். அந்த 0.393 முழுவதும் பூச்சியம் என்ற ஒற்றைப் புள்ளியில் குவிந்துகிடக்கிறது. Y-க்கு அடர்த்திச் சார்பு என்று ஒன்றே கிடையாது. ஆனால் F_Y இருக்கிறது: y < 0 என்றால் 0, y ≥ 0 என்றால் 1 − e^(−(y+5000)/10000). பூச்சியத்தில் 0.393 உயரத்துக்குத் துள்ளி, பிறகு சீராக ஏறுகிறது. g எங்காவது தட்டையாகக் கிடந்தால், அந்தத் தட்டைப் பகுதிக்குள் X விழ வாய்ப்பிருந்தால், ஜாக்கோபியனைக் கீழே வைத்துவிடவேண்டும்.

பல மாறிகளின் மீப்பெரு மதிப்பு, மீச்சிறு மதிப்பு கேட்டாலும் இதே வழிதான். ஒரே பரவல் F கொண்ட n சார்பற்ற மாறிகளின் மீப்பெரு மதிப்பு y-க்குள் இருக்க எல்லாமே y-க்குள் இருக்கவேண்டும்; F-ஐ n-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் முடிந்தது.

## எம்.ஜி.எஃப் வழி

M(t) = E[e^(tY)] என்பதைக் கணக்கிட்டு, இது எந்தப் பரவலின் எம்.ஜி.எஃப் என்று அடையாளம் காண்பது. இங்கே அடர்த்தியை யாரும் கண்டுபிடிப்பதில்லை. ஏற்கெனவே தெரிந்த ஒன்றை இனங்காண்கிறோம், அவ்வளவுதான்.

பலிக்கும் இடத்தில் இதற்கு நிகரில்லை. திட்ட இயல்நிலை மாறியின் வர்க்கத்துக்கு M(t) = (1 − 2t)^(−1/2), t < 1/2. n சார்பற்ற வர்க்கங்களின் கூட்டலுக்கு அதை n-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் (1 − 2t)^(−n/2). n கட்டற்ற படிகள் கொண்ட கை-வர்க்கம், ஒரே வரி. இதையே ஜாக்கோபியனில் போடவேண்டும் என்றால் n பரிமாணக் கோள ஆயங்களுக்குள் இறங்கவேண்டும்.

பலிக்காத இடத்தில் மாவும் வீண், விறகும் வீண். மேலே பார்த்த பயண நேரத்துக்கு எம்.ஜி.எஃப் எழுதினால் e^(120s/v)-ஐ v-ஐப் பொறுத்துத் தொகையிடவேண்டும். பழகிய சார்புகளில் அது முடியாது. X திட்ட இயல்நிலை, Y = e^X என்றால் t > 0 எதற்கும் எம்.ஜி.எஃப் இல்லவே இல்லை. மாறி மாற்ற வழியில் அதே கணக்கு ஒரே மூச்சில் முடியும்: h(y) = ln y, |h′| = 1/y, ஆகவே அடர்த்தி e^(−(ln y)²/2)/(y√(2π)).

ஒரு எச்சரிக்கை: எம்.ஜி.எஃப்-களைப் பெருக்குவதற்கு மாறிகள் சார்பற்றவையாக இருக்கவேண்டும். ஒட்டுறவு பூச்சியம் என்பது போதாது. தவறாகப் பெருக்கினாலும் பெரும்பாலும் பார்வைக்கு ஒழுங்கான ஒரு பரவல்தான் வந்து நிற்கும். மொத்தம் ஒன்று வருகிறதா என்ற சோதனையும் அதைப் பிடிக்காது.

## இரண்டு மாறிகள்: ஒரே கணக்கு, மூன்று வழி

X, Y சார்பற்றவை, இரண்டும் சராசரி 1 கொண்ட அடுக்குக்குறிப் பரவல். Z = X/Y-இன் அடர்த்தி என்ன?

சி.டி.எஃப்: P(X/Y ≤ z) = P(X ≤ zY). Y = y என்று நிறுத்திவைத்தால் நிகழ்தகவு 1 − e^(−zy). அதை e^(−y) எடையோடு தொகையிட்டால் 1 − 1/(1+z). வகையிட்டால் 1/(1+z)², z > 0.

மாறி மாற்றம்: இரண்டு உள்ளே போனால் இரண்டு வெளியே வரவேண்டும். எனவே W = Y என்று ஒரு துணை மாறியைச் சேர்க்கிறோம். நேர்மாறு x = zw, y = w. பகுதி வகைக்கெழுக்களின் அணிக்கோவையில் மூலைவிட்ட உறுப்புகள் w, 1. கீழ் இடமூலை 0. ஜாக்கோபியன் w. கூட்டு அடர்த்தி w e^(−w(1+z)), z > 0, w > 0. w-ஐத் தொகையிட்டு நீக்கினால் 1/(1+z)².

எம்.ஜி.எஃப்: Z-இன் சராசரியே முடிவிலி. t > 0-க்கு எம்.ஜி.எஃப் கிடையாது. கதை முடிந்தது.

முதல் இரண்டில் எது மேல்? இந்தக் கேள்விக்கு மட்டும் என்றால் சி.டி.எஃப் சற்றுச் சுருக்கம். ஆனால் மாறி மாற்றத்தில் வழியிலேயே Z, W-இன் கூட்டு அடர்த்தி கையில் கிடைத்துவிட்டது. "Z = z என்று தெரிந்தபின் Y எப்படிப் பரவியிருக்கும்", "இரண்டும் சார்பற்றவையா" என்று அடுத்த பகுதியில் கேட்டால் அதை வைத்தே பதில் சொல்லலாம். (சார்பற்றவை அல்ல, w e^(−w(1+z)) இரண்டாகப் பிரியாது.) கேள்வியில் (அ), (ஆ) என்று பிரிவுகள் இருந்தால் நான் முழுவதையும் படித்துவிட்டுத்தான் வழியை முடிவு செய்வேன்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, ஜாக்கோபியனைத் தலைகீழாகப் போடுவது. பழைய மாறிகளைப் புதியவற்றைப் பொறுத்து வகையிடவேண்டும். திசை மாறினால் w-க்குப் பதில் 1/w வரும். இந்தக் கணக்கில் அப்படிப் போட்டால் w பூச்சியத்தை நெருங்கும்போது தொகையீடு வெடித்துவிடும், உடனே தெரியும். எல்லாக் கணக்கும் இவ்வளவு நேர்மையாகக் கத்தாது.

### எல்லைதான் எதிரி

X, Y சார்பற்றவை, இரண்டும் (0, 1)-இல் சீரானவை. U = X + Y. துணை மாறி V = Y. நேர்மாறு x = u − v, y = v. ஜாக்கோபியன் 1, கூட்டு அடர்த்தியும் 1. இதைவிட எளிய கணக்கு இருக்கமுடியாது. ஆனால் இதில் விழுகிறவர்கள்தான் அதிகம்.

v 0 முதல் 1 வரை என்று நினைத்துத் தொகையிட்டால் f_U = 1 என்று 0 முதல் 2 வரை வரும்; மொத்தம் 2. விடுபட்டது 0 < u − v < 1 என்ற நிபந்தனை. பழைய சதுரம் புதிய தளத்தில் சாய்ந்த இணைகரமாகிவிடுகிறது. u ஒன்றுக்குள் இருந்தால் v 0 முதல் u வரை; ஆகவே f_U = u. u ஒன்றைத் தாண்டினால் v, u − 1 முதல் 1 வரை; ஆகவே f_U = 2 − u. முக்கோண அடர்த்தி. ஜாக்கோபியனை எழுதும் முன் அந்த இணைகரத்தைத் தாளில் வரைந்துவிடுங்கள். படம் இல்லாமல் எல்லை எழுதுவது என்னளவில் சூதாட்டம்.

சி.டி.எஃப்-இல் இது வெறும் பரப்பளவு: சதுரத்தில் x + y ≤ u கோட்டுக்குக் கீழே உள்ள முக்கோணம், u ≤ 1 வரை u²/2. எம்.ஜி.எஃப் ((e^t − 1)/t)² என்று உடனே வருகிறது, ஆனால் அது முக்கோணப் பரவலுடையது என்று முன்பே தெரியாதவருக்கு அதனால் பயனில்லை.

## பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்

| | மாறி மாற்றம் | சி.டி.எஃப் | எம்.ஜி.எஃப் |
|---|---|---|---|
| ஒரே மாறி, ஒரே திசைச் சார்பு | மிக விரைவு | சில வரி கூடும் | பெரும்பாலும் பயனில்லை |
| ஒரே மாறி, ஏறி இறங்கும் சார்பு | கிளை எண்ணவேண்டும் | பாதுகாப்பு | அரிதாகப் பலிக்கும் |
| தட்டையான பகுதி உள்ள சார்பு | பொருந்தாது | இதுதான் வழி | அடர்த்தி தராது |
| சார்பற்ற பல மாறிகளின் கூட்டல் | நீளும் | நீளும் | தெரிந்த குடும்பம் என்றால் ஒரே வரி |
| விகிதம், பெருக்கல் | நன்று | நன்று | அநேகமாக இல்லை |
| கூட்டு அடர்த்தி வேண்டும் | இதுதான் வழி | சிரமம் | அடர்த்தி தராது |
| மீப்பெரு, மீச்சிறு மதிப்பு | தேவையில்லை | ஒரே வரி | பயனில்லை |
| மறைந்திருக்கும் செலவு | எல்லைகள், கிளைகள் | சமனிலி, தொகையீடு | இனங்காணும் பழக்கம் |

அட்டவணையில் இல்லாத நான்காவது தேர்வு ஒன்று உண்டு: அடர்த்தியையே காணாமல் விடுவது. பயண நேரத்தின் சராசரி மட்டும் வேண்டும் என்றால் f_T எதற்கு? 120/v-ஐ 1/20 எடையோடு 40 முதல் 60 வரை தொகையிட்டால் நேராக 6 ln 1.5 வருகிறது. P(T < 2.5) வேண்டும் என்றால் அது P(V > 48), அதாவது 12/20 = 0.6. கேள்வியில் "அடர்த்தி" என்ற சொல் இல்லாதபோது அடர்த்தி கண்டுபிடிப்பது நேர விரயம்.

## கணினியில் ஒரு சரிபார்ப்பு

வீட்டில் பயிற்சி செய்யும்போது, எந்த வழியில் வந்த விடையையும் சில வரிகளில் சோதிக்கலாம். (−1, 2) கணக்குக்கு:

```python
import numpy as np
x = np.random.default_rng(7).uniform(-1, 2, 1_000_000)
y = x**2
print((y < 0.25).mean(), (y < 1).mean())
```

நம் விடைப்படி முதல் எண் 1/3-ஐயும் இரண்டாவது 2/3-ஐயும் ஒட்டி வரவேண்டும். ஒரே கிளை எடுத்தவருக்குக் கணக்குப்படி 1/6, 1/3 என்று வந்திருக்கும். கணினி அதை ஒத்துக்கொள்ளாது. எங்கும் இரண்டு கிளை எடுத்தவருக்கு மட்டும் இந்த இரண்டு எண்களும் பொருந்திவிடும், ஏனென்றால் அவர் தவறியது y ஒன்றைத் தாண்டிய இடத்தில். அவரைப் பிடிக்க (y < 2.25).mean() என்றும் கேட்கவேண்டும். சரியான விடை 2.5/3, சுமார் 0.833, அவருக்கு 1 வந்திருக்கும். ஆகவே சோதனைப் புள்ளிகளை ஒவ்வொரு துண்டிலும் ஒன்றாவது வையுங்கள். நிகழ்வெண் செவ்வகப் படம் வரைந்து வளைவோடு ஒப்பிடுவதைவிட இப்படி நிகழ்தகவுகளை ஒப்பிடுவதுதான் நல்லது. இந்த அடர்த்தி பூச்சியத்துக்கருகில் முடிவிலிக்குப் போகிறது. அங்கே செவ்வகத்தின் உயரம் நீங்கள் தேர்ந்த அகலத்தைப் பொறுத்தே மாறிக்கொண்டிருக்கும்.